வண்டு வெளுக்கும் ஆறு ஃபிரேம்

கேமில் வாளை வீசுகிறோம். எதிரே ஒரு வண்டு. அடி அதன்மேல் விழுந்ததா, காற்றோடு போனதா? பொத்தானை அழுத்திய விரலுக்கு இது தெரியாது. நிஜத்தில் ஒன்றைத் தட்டினால் கை அதிர்ந்து சொல்லிவிடும். திரையில் கண்தான் அந்த அதிர்வை உணர வேண்டும். அதற்காகத்தான் அடிபட்ட உருவம் ஒரு கணம் முழு வெள்ளையாகி மறுபடி தன் நிறத்துக்குத் திரும்புகிறது. அந்தக் கணம் நொடியில் பத்தில் ஒரு பங்கு. நொடிக்கு 60 ஃபிரேம் காட்டும் திரையில் ஆறே ஃபிரேம்.

எண்பதுகளின் நின்டெண்டோ கருவியில் இது எளிதாக முடிந்தது. அதில் ஸ்ப்ரைட் எனப்படும் நகரும் படங்களுக்கு நான்கு வண்ணத் தட்டுகள் இருந்தன. ஒவ்வொரு தட்டிலும் மூன்றே நிறம். படத்தில் நிறம் இருக்காது, தட்டில் எத்தனையாவது நிறம் என்ற எண் மட்டுமே இருக்கும். தட்டை மாற்றினால் உருவம் அப்படியே வேறு நிறத்துக்குத் தாவிவிடும். இன்றைய ஸ்ப்ரைட்டில் ஒவ்வொரு பிக்சலும் தன் நிறத்தைத் தானே வைத்திருக்கிறது. மாற்றிவிட ஒரு தட்டு கிடையாது.

நான் கோடோ என்ற இலவச கேம் எஞ்சினில் வேலை செய்கிறேன். அதில் எந்தப் படத்துக்கும் `modulate` என்று ஒரு நிற அமைப்பு உண்டு. சிவப்பைக் கொடுத்தால் படம் சிவக்கும், நீலத்தைக் கொடுத்தால் நீலமாகும். வெள்ளையைக் கொடுத்தால் வெளுத்துவிடும் என்றுதான் நானும் முதலில் நம்பினேன். கொடுத்துப் பார்த்தேன், ஒன்றுமே நடக்கவில்லை.

காரணம் சின்னக் கணக்குதான். `modulate` நிறத்தைப் பெருக்குகிறது. கணினிக்கு நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 1 வரை. என் வண்டின் முதுகு கரும்பழுப்பு: 0.3, 0.15, 0.1. வெள்ளை என்பது 1, 1, 1. எதை ஒன்றால் பெருக்கினாலும் அதுவேதான் வரும். சரி, ஐந்தால் பெருக்கினால்? சிவப்பு 1.5 ஆகி 1-இல் முட்டி நிற்கும், பச்சை 0.75, நீலம் 0.5. வண்டு வெளிர் ஆரஞ்சு நிறமாகும், வெள்ளையாகாது. அதன் கால்களோ சுத்தக் கறுப்பு. பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

ஆகவே பெருக்கலை விட்டுவிட்டுக் கலக்க வேண்டும். பாலில் டிகாக்‌ஷன் கலப்பதுபோல, இருக்கும் நிறத்தில் இவ்வளவு பங்கு, வெள்ளையில் இவ்வளவு பங்கு. இங்கேதான் ஷேடர் வருகிறது. ஒரு படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக ஓடி, அந்தப் பிக்சல் என்ன நிறம் என்று முடிவு செய்யும் குட்டி நிரல் அது. என் வண்டு திரையில் 128-க்கு 128 பிக்சல். ஒரு ஃபிரேமுக்குள் அந்த நிரல் 16,384 முறை ஓடி முடிகிறது. இதற்கென்றே செய்யப்பட்ட கிராஃபிக்ஸ் சிப்புக்கு அது பெரிய சுமையே இல்லை. நிரல் இவ்வளவுதான்:

```
shader_type canvas_item;
uniform float flash : hint_range(0.0, 1.0) = 0.0;

void fragment() {
    COLOR.rgb = mix(COLOR.rgb, vec3(1.0), flash);
}
```

`flash` என்பது வெளியிலிருந்து திருகக்கூடிய குமிழ். 0 என்றால் வண்டு தன் நிறத்தில் இருக்கும். 1 என்றால் கால் உட்பட முழு வெள்ளை. 0.5 வைத்தால் முதுகு 0.65, 0.575, 0.55 என்று வெளிறிய சாம்பலாகத் தெரியும். கடைசி வரியில் `.rgb` இருப்பதைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டு `COLOR = mix(COLOR, vec4(1.0), flash)` என்று எழுதினால், ஒளி ஊடுருவும் தன்மையைச் சொல்லும் நான்காவது எண்ணும் 1 ஆகிவிடும். வண்டைச் சுற்றியிருந்த வெற்றிடமும் வெள்ளையாகும். அடித்தால் வண்டு மின்னாமல் ஒரு வெள்ளைச் சதுரம் மின்னினால், பிழை இந்த வரியில்தான்.

குமிழ் கிடைத்துவிட்டது, இனி அதைத் திருக வேண்டும். கோடோவில் `AnimationPlayer` என்ற உறுப்பு இருக்கிறது. எந்த அமைப்பு எந்த நேரத்தில் என்ன மதிப்பு பெற வேண்டும் என்று காலக்கோட்டில் புள்ளி வைத்தால், இடைப்பட்ட மதிப்புகளை அதுவே நிரப்பிக்கொள்ளும். நான் மூன்று புள்ளி வைத்தேன். தொடக்கத்தில் 1, 0.05 நொடியில் மறுபடியும் 1, 0.1 நொடியில் 0. மூன்று ஃபிரேம் முழு வெள்ளை, அடுத்த மூன்றில் இறக்கம். நடுப் புள்ளியைப் போடாமல் நேரே 1-இலிருந்து 0-க்கு இறக்கினால் முழு வெள்ளை ஒரே ஃபிரேம்தான் நிற்கும். அடி மழுங்கியதுபோல இருக்கும். ஏற்றம் வேண்டவே வேண்டாம். அடி என்பது சட்டென்று விழுவது.

ஒரு வண்டை வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஆறு வண்டுகளை விட்டு ஒன்றை அடித்தேன். ஆறும் மின்னின. ஷேடரைத் தாங்கும் மெட்டீரியல் ஒன்றுதான். ஒரே வண்டிலிருந்து நகலெடுத்த ஆறும் அதையே பகிர்ந்துகொண்டிருந்தன. குமிழ் ஒன்று, விளக்கு ஆறு. மெட்டீரியலின் அமைப்புகளில் `Local to Scene` என்ற கட்டத்தில் டிக் போட்டால், ஒவ்வொரு வண்டும் பிறக்கும்போதே தனக்கென ஒரு நகலோடு பிறக்கும். தனியாக ஒரு எதிரியை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

அடுத்தது, வேகமாக அடித்தபோது வந்த சிக்கல். முதல் மின்னல் முடிவதற்குள் இரண்டாம் அடி விழுந்தால் ஒன்றும் தெரியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் அனிமேஷனை மறுபடி `play` செய்யச் சொன்னால் கோடோ அதை முதலிலிருந்து தொடங்குவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. முதலில் நிறுத்திவிட்டு ஓட்ட வேண்டும்:

```
hit_anim.stop()
hit_anim.play("hit")
```

`hit_anim` என்று தனிப் பெயர் வைத்ததற்கும் காரணம் உண்டு. வண்டு நடப்பதற்கும் மின்னுவதற்கும் ஒரே `AnimationPlayer`-ஐ வைத்திருந்தேன். அது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். மின்னும்போது வண்டு நடையை நிறுத்தியது. அதைவிட மோசம், மின்னல் பாதியில் இருக்கும்போது நடை குறுக்கே வந்தால் `flash` 0.6-இலோ 0.4-இலோ அப்படியே நின்றுவிடும். வண்டு வெளிறிய பேயாகத் திரியும். நடைக்கு ஒன்று, மின்னலுக்கு ஒன்று என்று பிரித்ததும் சரியானது.

எலும்புக்கூடு போல ஏற்கெனவே வெளுத்த எதிரிக்கு வெள்ளை எடுபடாது. அங்கே `vec3(1.0)` இருக்கும் இடத்தில் சிவப்பைக் கலக்கிறேன்.

இன்னொன்றை நான் அலட்சியமாக விடமாட்டேன். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு போக்கிமான் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னின. 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிகள், ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்கின்றன. மின்னும் பரப்பு மிகச் சிறிதானால் விலக்கு உண்டு. சின்ன வண்டு அந்த விலக்குக்குள் அடங்கலாம். திரையில் பாதியை அடைக்கும் பெரிய எதிரியை நொடிக்கு பத்து குண்டால் துளைக்கும்போது அடங்காது. அதனால் பெரிய எதிரிக்கு ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது 0.4 நொடி இடைவெளி வைத்திருக்கிறேன். இடையில் விழும் அடிகளுக்கு ஒலி மட்டும் வரும். அமைப்புப் பக்கத்தில் மின்னலை முழுதாக அணைக்கும் பொத்தானும் உண்டு. அதை அணைத்து ஆடுபவருக்கு, அடிபட்ட வண்டு இரண்டு பிக்சல் பின்னால் தள்ளப்படும்.