சிவப்பு காட்டும் ஓப்பல்

தென் ஆஸ்திரேலியாவில் இன்று கூபர் பெடி என்ற ஊர் இருக்கும் இடத்துக்கு 1915-ல் தங்கம் தேடி ஒரு குழு வந்தது. அதிலிருந்த வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுச் சிறுவன் கண்ணில் பட்டவை ஓப்பல் கற்கள். மழையே அரிதான பாலைநிலம் அது. ஆனால் அந்தக் கல்லை உருவாக்கியது தண்ணீர்தான்.

சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழம் குறைந்த கடல் இருந்தது. கடல் வடிந்த பிறகு, அது விட்டுப்போன மணலும் களியும் இறுகிய படிவுகளில் மழைநீர் நெடுங்காலம் ஊறியது. அப்போது ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் சிதைந்து வெண்களிமண்ணாயின. அவற்றிலிருந்து பிரிந்த சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு நீர் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, மேலும் இறங்க வழியில்லாத இடங்களில் தேங்கியது. நீர் மெல்லக் குறையக் குறைய, சிலிக்கா கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகத் திரண்டு படிந்தது.

பெரும்பாலும் இந்த உருண்டைகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்தே படிகின்றன. அப்படி உருவாகும் மங்கலான, வண்ணம் காட்டாத கல்லைச் சுரங்கத்தார் 'பாட்ச்' என்கிறார்கள். தோண்டும்போது கிடைப்பதில் பெரும்பகுதி இதுதான். யாரும் கலைக்காத நீரில் ஒரே அளவு உருண்டைகள் வரிசை பிசகாமல் படிந்தால்தான் வண்ணம் பிறக்கும்.

இதை 1964-ல் ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகக் கண்டார்கள். பழக்கடையில் அடுக்கிய சாத்துக்குடிபோல உருண்டைகள் வரிசை வரிசையாக இருந்தன. அடுக்குகளுக்கு இடையிலான தூரம் ஒளியின் அலைநீளத்தோடு ஒத்துப்போவதால், குறிப்பிட்ட அலைநீளம் மட்டும் வலுப்பெற்றுத் திரும்புகிறது. கல்லில் சாயம் ஏதும் இல்லை.

எந்த வண்ணம் என்பதை உருண்டையின் அளவு தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 150 முதல் 200 நானோமீட்டர் விட்டம் இருந்தால் ஊதாவும் நீலமும்தான் தெரியும். 300 நானோமீட்டரை நெருங்கினால் சிவப்பும் வரும். கல்லைச் சாய்க்கும்போது திரும்பும் அலைநீளம் குறைவதால் சிவப்பு ஆரஞ்சாகி, பச்சையாகவும் மாறலாம். நீலம் மட்டும் காட்டும் கல்லை எப்படித் திருப்பினாலும் சிவப்பு வராது. அத்தனை பெரிய உருண்டைகள் சீராக அடுக்கிய கல் அரிது. சிவப்பு ஓப்பலுக்கு விலை அதிகம் என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

உருவாக்கிய நீர் கல்லை முழுதாக விட்டுப் போவதும் இல்லை. ஓப்பலின் எடையில் பொதுவாக 3 முதல் 10 சதவீதம் நீர்தான். தோண்டியெடுத்த கல் சட்டென்று உலர்ந்தால் மேற்பரப்பில் வலைபோல் நுண்கீறல்கள் ஓடலாம். அதனால் அனுபவசாலிகள் கல்லைச் சிலகாலம் வைத்திருந்து, கீறல் விழவில்லை என்று பார்த்த பிறகே பட்டை தீட்டுகிறார்கள்.

எத்தியோப்பியாவின் வெலோ பகுதிக் கற்களுக்கு வேறு குணம். எரிமலைப் பாறைகளில் விளையும் அவற்றில் பல, நுண்துளைகள் நிறைந்தவை. தண்ணீரில் போட்டால் நீரை உறிஞ்சிக் கண்ணாடிபோல் தெளிந்து, வண்ணத்தை இழந்து நிற்கும். பதறவேண்டாம், சூடுகாட்டாமல் நிழலில் உலரவிட்டால் வண்ணம் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் எண்ணெயும் சாயமும் அதே துளைகள் வழியே உள்ளே போகும். அந்தக் கறையை எடுப்பது கடினம்.