பார்சலுக்குள் ஒரு நன்றி அட்டை

இணையத்தில் வாங்கிய பொருளின் பெட்டியைப் பிரித்தால், உள்ளே தடித்த ஒரு சின்ன அட்டை இருக்கும். ‘எங்கள் குடும்பத்தில் ஒருவராக இணைந்ததற்கு நன்றி’ என்று தங்க நிற எழுத்து, கீழே ஐந்து நட்சத்திரம், மூலையில் ஒரு கியூஆர் கோடு. பெரும்பாலானவர்கள் அதைப் பெட்டியோடு சேர்த்துக் குப்பைக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பொருளை இன்னும் கையில் எடுத்தே பார்க்காதவரிடம் ‘எப்படி இருந்தது, எழுதுங்கள்’ என்று அட்டை கேட்கிறது. முதல் பொட்டலம் தீருவதற்குள் அடுத்ததை வாங்கச் சொல்கிறது.

இந்த அட்டையை வடிவமைப்பதில் உள்ள உண்மையான சிக்கல் இந்த நாள் இடைவெளிதான். அட்டை படிக்கப்படுவது பெட்டி பிரிக்கும் நிமிடத்தில். ரிவ்யூ எழுதத் தகுதி வருவது ஒரு வாரம் கழித்து. மறு ஆர்டருக்கான வேளை வருவது பொருள் தீரும்போது. அதுவரை அட்டை வீட்டில் இருக்க வேண்டுமென்றால், வைத்துக்கொள்ள அதற்கொரு காரணம் வேண்டும்.

மதுரையில் வீட்டிலேயே இட்லிப் பொடி அரைத்து விற்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் பொட்டலம் 180 ரூபாய். சொந்த வலைத்தளத்திலும் விற்கிறார், அமேசானிலும் விற்கிறார். அவருடைய அட்டையின் முன்பக்கத்தில் நன்றிக்கு ஒரு வரி போதும். மீதி இடம் பொடிக்கு:

‘அரைத்த தேதி: ________
நல்லெண்ணெயில் குழைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தொட்டுக்கொள்ளுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள். பொட்டலம் பிரித்ததும் காற்றுப் புகாத பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.’

தேதியைப் பேனாவால் எழுத வேண்டும். அந்த ஒரு கையெழுத்து, அச்சடித்த பத்து நன்றிகளைவிட அதிகம் பேசும். இட்லிப் பொடியோடு பொடி உருளைக்கிழங்கு, பொடி தோசை என்று இரண்டு செய்முறைகளைச் சேர்த்தால் அட்டை ஃப்ரிட்ஜ் கதவுக்கோ அஞ்சறைப் பெட்டிப் பக்கமோ போய்விடும். பிறகு அதன் பின்பக்கத்துக்கும் வாழ்வு உண்டு.

பின்பக்கத்தில் ரிவ்யூ கேட்கும் வரி. ‘ஐந்து நட்சத்திரம் தாருங்கள்’ என்பது பலர் அச்சடிப்பது. அதுதான் மாட்டிவிடும் வாசகமும்கூட. அதைவிட இப்படிக் கேட்கலாம்: ‘ஒரு வாரம் சாப்பிட்டுப் பாருங்கள். காரம், உப்பு, மணம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். குறை இருந்தால் அதையும் எழுதுங்கள்.’ மூன்று விஷயங்களைப் பெயர் சொல்லிக் கேட்டால், எழுத வராதவருக்கும் தொடங்க ஒரு முனை கிடைக்கும். ‘சூப்பர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில் ‘காரம் சற்றுத் தூக்கல், குழந்தைகளுக்கு நெய் சேர்த்துக் கொடுத்தேன்’ என்று வரும். அடுத்து வாங்கப்போகிறவர் தேடுவது இந்த மாதிரி வரியைத்தான்.

இங்கே நல்லெண்ணம் உள்ளவர்களும் சறுக்கும் இடங்கள் உண்டு. ரிவ்யூ எழுதினால் 50 ரூபாய் கூகுள் பே செய்கிறோம் என்று அட்டையில் போடுவது ஒன்று. பணமோ இலவசப் பொருளோ கூப்பனோ கொடுத்து ரிவ்யூ வாங்குவதை அமேசான் 2016 அக்டோபரிலிருந்து தடைசெய்திருக்கிறது. தானே நடத்தும் ‘வைன்’ திட்டத்துக்கு மட்டும் விலக்கு. கூகுளும் சன்மானம் கொடுத்து வாங்கும் ரிவ்யூக்களை அனுமதிப்பதில்லை. வாடிக்கையாளர் ஒருவர் அந்த அட்டையைப் படம் பிடித்து ரிவ்யூவிலேயே போட்டுவிட்டால் சாட்சி வேறு தேவையில்லை. அதுவரை சேர்ந்த ரிவ்யூக்கள் நீக்கப்படலாம், விற்பனைக் கணக்கே முடக்கப்படலாம்.

இன்னொன்று நாகரிகமாகத் தெரிவதால் அதிகம் ஏமாற்றும். ‘பிடித்திருந்தால் அமேசானில் எழுதுங்கள், பிடிக்காவிட்டால் எங்களுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்.’ வாடிக்கையாளர் மேல் அக்கறை போலத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? புகழ்ச்சி ஊருக்குத் தெரியும் பாதையிலும், புகார் யாருக்கும் தெரியாத பாதையிலும் பிரித்து அனுப்பப்படுகிறது. இந்த வடிகட்டலையும் அமேசானும் கூகுளும் விதிமீறலாகவே பார்க்கின்றன. இந்தியாவில் 2022 நவம்பரில் இணைய ரிவ்யூக்களைச் சேகரிப்பது, சரிபார்ப்பது, வெளியிடுவது பற்றி IS 19000:2022 என்ற தர நிர்ணயமே வந்துவிட்டது.

புகாருக்கு எண் கொடுக்கக் கூடாது என்பதல்ல இதற்குப் பொருள். ‘பொட்டலம் கிழிந்திருந்தாலோ சந்தேகம் இருந்தாலோ இந்த எண்ணில் சொல்லுங்கள்’ என்று தனி வரியாக, எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். ‘பிடித்தால் இங்கே, பிடிக்காவிட்டால் அங்கே’ என்ற நிபந்தனைதான் போக வேண்டும்.

அதனால் பொடிக்காரருக்கு ஒரே அட்டை போதாது. அமேசான் பார்சலுக்குள் போகும் அட்டையில் தேதி, செய்முறை, நடுநிலையான ரிவ்யூ வேண்டுகோள் இவ்வளவுதான். வலைத்தள முகவரியும் ‘நேரில் வாங்கினால் தள்ளுபடி’ போன்ற வரியும் கூடாது. தன் வாடிக்கையாளரை வெளியே இழுப்பதை அமேசான் ஏற்காது. அமேசானின் கிடங்கிலிருந்து பொருள் போவதாக இருந்தால், வெளிப்பெட்டியில் அட்டை வைக்க விற்பவருக்கு வழியே இல்லை. பொருளின் சொந்தப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்து அனுப்ப வேண்டும். அப்போதும் பொடி இருக்கும் உறைக்குள் வேண்டாம். அச்சு மை உணவில் படக் கூடாது, எண்ணெய்ப் பசை அட்டையில் ஏறக் கூடாது. உள்ளுறைக்கும் வெளி அட்டைப்பெட்டிக்கும் நடுவில்தான் அதன் இடம்.

மறு ஆர்டருக்கான சலுகை சொந்த வலைத்தள அட்டைக்கு உரியது. எல்லோரும் எடுத்த எடுப்பில் பத்து சதவீதத் தள்ளுபடி என்று போடுவார்கள். அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொட்டலத்துக்கு அடக்கம் 110 ரூபாய், லாபம் 70. பத்து சதவீதம் என்றால் 18 ரூபாய் போய், கையில் நிற்பது 52. லாபத்தில் கால்வாசிக்கும் மேல் கரைகிறது. வாங்குபவர் 50 ரூபாய் கூரியர் கட்டணத்தைத் தனியாகத் தருவதால், 18 ரூபாய் குறைந்தது அவருக்குப் பெரிதாகத் தெரிவதுமில்லை.

கூரியரின் எடைப் படிநிலையில்தான் வழி இருக்கிறது. பல நிறுவனங்கள் அரைக் கிலோ வரை ஒரே கட்டணம் வாங்குகின்றன. ஒரு பொட்டலம் அனுப்பினாலும் 50, இரண்டு அனுப்பினாலும் 50. ஆகவே அட்டையில், ‘இரண்டு பொட்டலமாக எடுத்தால் கூரியர் இலவசம்’. வாங்குபவருக்கு 50 ரூபாய் மிச்சம். விற்பவருக்கு 140 ரூபாய் லாபத்தில் 50 போக 90 நிற்கும். ஆனால் பெட்டியையும் சேர்த்து எடை 500 கிராமைத் தாண்டக் கூடாது. பொடி 400 என்றால் பெட்டிக்கும் டேப்புக்கும் 100 கிராம்தான். பெட்டியின் அளவும் முக்கியம். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து அதையே எடையாகக் கணக்கிடும் கூரியர்கள் உண்டு. 20, 15, 8 என்ற பெட்டி 0.48 கிலோ, தப்பித்தது. உயரத்தை ஒரு சென்டிமீட்டர் கூட்டினால் 0.54, அடுத்த படிக்குப் போய்விடும்.

சலுகைக்குக் கெடு வைப்பதிலும் பொடி தீரும் நாளைப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு 200 கிராம் மூன்று நான்கு வாரம் வரும் என்றால், ‘ஏழு நாளுக்குள்’ என்ற அவசரம் வீண். அட்டை வந்த நாளிலிருந்து 60 நாள் என்று இருக்கட்டும். இந்தச் சலுகை ரிவ்யூ எழுதியவர், எழுதாதவர் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில், நடுவே கோடு போட்டு அச்சடிப்பது நல்லது.

அச்சகத்துக்குப் போகும்போது சில விஷயங்கள். ஏ6 அளவு, அதாவது 105-க்கு 148 மில்லிமீட்டர், செய்முறைக்கும் இடம் தரும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு போதும். பேனாவால் எழுதும் பக்கத்துக்கு லேமினேஷன் வேண்டாம்; பளபளப்பில் மை நிற்காமல் வழியும். வலைத்தளத்தின் யூனிகோட் தமிழைப் பழைய பேஜ்மேக்கரில் ஒட்டினால் எழுத்து உடையும் என்பதால், பல அச்சகங்களில் வேறு எழுத்துருவில் மறுபடி அடிப்பார்கள். பிழை புகுவது அங்கேதான். ஒகர, ஓகாரக் கொம்புகளையும் ‘ன’, ‘ண’ வித்தியாசத்தையும் ப்ரூஃபில் ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் சிறிய வெள்ளைத் தமிழ் எழுத்து அழகாகத் தோன்றும், ஆனால் மை பரவிச் சுழிகள் அடைந்துவிடும்.

கியூஆர் கோடு இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதைச் சுற்றி நான்கு கட்டம் அளவுக்கு வெள்ளை விளிம்பு வேண்டும். பூ வேலை செய்யும் டிசைனர்கள் முதலில் கைவைப்பது இந்த விளிம்பில்தான். முகவரி நீளமாக இருந்தால் கட்டங்கள் பொடிப்பொடியாகும், ஸ்கேன் ஆகாது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று ‘டைனமிக்’ கோடு எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சில சேவைகளில் சோதனைக் காலம் முடிந்ததும் இணைப்பு செத்துவிடும், ஆயிரம் அட்டைகள் வீட்டில் இருக்கும். சொந்த வலைத்தளத்திலேயே ஒரு சின்னப் பக்கத்துக்குக் கோடு போகட்டும். பின்னால் எங்கே மாற்ற வேண்டுமானாலும் அங்கிருந்து மாற்றிக்கொள்ளலாம். ஆர்டர் எடுக்க வாட்ஸ்அப் என்றால் இந்த வடிவம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=PODI2
```

ஸ்கேன் செய்ததும் PODI2 என்ற சொல் தானாகவே தட்டச்சாகி நிற்கும். அனுப்பினால் போதும், அட்டையிலிருந்து வந்தவர் என்று தெரிந்துவிடும். சோதனையை அச்சான அட்டையை வைத்தே, விலை குறைந்த பழைய போனில், இரவு சமையலறை வெளிச்சத்தில் செய்து பார்க்க வேண்டும்.

அட்டை வேலை செய்கிறதா என்பதை PODI2 எத்தனை முறை வந்தது என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எப்படியும் மறுபடி வாங்கப்போகிறவரும் கூரியர் இலவசம் என்றால் அந்தச் சொல்லை அனுப்பத்தான் செய்வார். அதற்கு எளிய வழி, ஆர்டர் எண் இரட்டைப்படையில் முடிந்தால் அட்டை வைப்பது, ஒற்றைப்படை என்றால் வைக்காமல் விடுவது. இரண்டு மாதம் கழித்து, கைபேசி எண்ணை வைத்து யார் திரும்ப வந்தார்கள் என்று எண்ணலாம். அட்டை போன 200 பேரில் 30 பேர், போகாத 200 பேரில் 18 பேர் திரும்பினார்கள் என்றால், அட்டையின் கணக்கில் எழுதக்கூடியது 12 பேர்தான், கோடு 25 முறை வந்திருந்தாலும். எண்ணிக்கை இவ்வளவு சிறியதாக இருக்கும்போது அந்த 12-இலும் ஒரு பங்கு தற்செயலாக இருக்கலாம், ஆகவே இன்னும் இரண்டு மாதம் இதையே தொடர்ந்து பார்ப்பது உசிதம். அதற்குள் ஆயிரம் அட்டை அடித்துவிடாமல், முதல் தவணைக்கு டிஜிட்டல் பிரிண்டில் இருநூறு எடுத்தால், காசு சற்றுக் கூடினாலும், வாசகத்தை மாற்ற இடமிருக்கும்.