காடை முட்டையிடத் தொடங்கும் காலம்

காடை வளர்ப்புக்குக் கடன் கோரி வரும் அங்கத்தினர்கள், காடை எந்த வாரத்தில் முட்டையிடும் என்பதையே முதலில் கேட்கின்றனர். கடன் தவணை எப்பொழுது தொடங்கவேண்டும் என்பது அதனைப் பொறுத்ததாகலின் கேள்வி நியாயமானதே. காடை ஆறு, ஏழு வாரங்களில் முட்டையிடத் தொடங்கும் என்பது பொதுவான விடை. ஆயினும் இவ்விடை வயதை மட்டும் கூறுகிறது. அந்த வயதில் முட்டை வருவதற்குக் குஞ்சுப் பருவத்தில் வெப்பமும், வளரும் பருவத்தில் புரதமும், பருவமடையும் காலத்தில் வெளிச்சமும் சரியாகக் கிடைத்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் முட்டை தள்ளிப்போகும்.

இங்குக் காடை என்று நாம் குறிப்பிடுவது ஜப்பானியக் காடையை. இது 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இஜ்ஜத் நகரில் ஆராயப்பட்டது. பின்னர் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் இதன் இனம் அபிவிருத்தி செய்யப்பட்டது. வயல்வெளிகளில் வாழும் காட்டுக் காடை வேறு. அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றமாகும். பண்ணைக் காடை அடைகாக்கும் இயல்பை இழந்துவிட்டது. ஆகவே பொரிப்பான் இல்லாதவர் ஒரு நாள் வயதுடைய குஞ்சுகளை விலைக்கு வாங்குவதே முறை.

ஓர் அங்கத்தினர் நூறு குஞ்சுகள் வாங்குவதாகக் கொள்வோம். ஒரு குஞ்சின் எடை ஏழு, எட்டு கிராமுக்கு மேல் இராது. இவ்வளவு சிறிய உடல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. முதல் வாரத்தில் 37 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் கொடுத்து, பின் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துவர வேண்டும். மூன்றடி நீளமும் இரண்டரையடி அகலமும் உள்ள கூண்டில் மின்விளக்கைத் தொங்கவிட்டால் நூறு குஞ்சுகளுக்குப் போதும். குஞ்சுகள் விளக்கின் கீழ் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கினால் குளிர் என்று அறிந்து விளக்கைத் தாழ்த்த வேண்டும். விலகி ஓரங்களில் ஒதுங்கி வாய் திறந்து மூச்சுவிட்டால் விளக்கை உயர்த்த வேண்டும். கூண்டு முழுவதும் பரவி மேய்ந்தால் வெப்பம் சரியானது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களை இட்டு வைக்காவிடில் குஞ்சுகள் அதில் விழுந்து இறக்கும். தரையில் வழுவழுப்பான காகிதம் விரித்தால் கால்கள் அகன்று முடமாகும். சொரசொரப்பான காகிதமே ஏற்றது. இறப்பில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே நேர்கிறது. பிழைத்தும் குளிரில் வாடிய குஞ்சுகள் வளர்ச்சி குன்றிப் பின்னர்த் தாமதமாகவே பருவமடையும்.

மூன்றாம் வார முடிவில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறியலாம். ஆணின் மார்பு இறகு புள்ளியின்றிச் செம்பழுப்பாக இருக்கும். பெண்ணின் மார்பில் வெளிறிய நிறத்தின்மீது கரும்புள்ளிகள் காணப்படும். எட்டுக் குஞ்சுகள் இறந்து தொண்ணூற்றிரண்டு எஞ்சின எனக் கொண்டால், ஏறக்குறைய நாற்பத்தாறு ஆணும் நாற்பத்தாறு பெண்ணும் தேறும். இவ்விரு கூட்டத்தின் கணக்கும் இனி வேறு வேறு. ஆண்கள் இறைச்சிக்கு உரியவை. ஐந்து வாரங்களில் ஒரு பறவை சுமார் அரைக் கிலோ தீவனம் உண்டு இருநூறு கிராம் எடையை நெருங்கும். ஆறு வாரத்துக்குப்பின் எடை அதிகம் ஏறாது. தீவனச் செலவு மட்டும் நாளொன்றுக்கு இருபத்தைந்து கிராம் வீதம் தொடரும். நல்ல விலை வரட்டும் என்று இருபது நாள் காத்திருந்தால், அதுவரை கொடுத்த அளவு தீவனத்தையே மீண்டும் கொடுத்தவராவோம். முட்டை விற்பனைக்கு ஆண் பறவை தேவையே இல்லை.

பெண் பறவைகளை நாற்பத்தாறுக்கும் போதுமாறு ஐந்தடி நீளம், இரண்டடி அகலமுள்ள கம்பிக் கூண்டுக்கு மாற்றலாம். உயரம் பத்து அங்குலம் போதும். காடை மிரண்டால் நேர்மேலே பாயும் இயல்புடையது; உயரமான கூண்டில் வேகமெடுத்துத் தலையில் அடிபட்டு இறக்கும். கூண்டின் அடிப்பகுதி முன்புறம் சிறிது சரிந்திருந்தால் முட்டை உருண்டு வெளியே வந்து நிற்கும்.

தீவனத்தில்தான் பலர் சிக்கனம் செய்கின்றனர். முதல் மூன்று வாரத்துக்கு நூற்றுக்கு 27 பங்கும், ஆறு வாரம் வரை 24 பங்கும், முட்டையிடும் காலத்தில் 22 பங்கும் புரதமுள்ள தீவனம் காடைக்குத் தேவை. முட்டைக்கோழித் தீவனத்திலோ 16 முதல் 18 பங்கு வரையே புரதம் உண்டு. சங்கம் ஒன்றில் நான் தணிக்கைக்குச் சென்றபோது, ஓர் அங்கத்தினர் ஒன்பதாம் வாரத்திலும் முட்டை காணாமல், இனமே மலடென்று எண்ணிப் பறவைகளை இறைச்சிக்கு விற்கும் நிலையில் இருந்தார். நான்காம் வாரம் முதல் கோழித் தீவனம் கொடுத்திருந்தார். மார்கழி மாதமாதலால் பொழுது சாய்ந்தவுடன் விளக்கையும் அணைத்துவந்தார். குறை இனத்தில் இல்லை, இவ்விரண்டிலுமே இருந்தது. தீவனத்தை மாற்றி, வெளிச்சத்தையும் படிப்படியாக நீட்டியபின் பறவைகள் முட்டையிடலாயின.

வெளிச்சத்தின் காரணம் இதுவே: பகற்பொழுது நீள்வதை உணர்ந்த பின்னரே பறவையின் முட்டைப்பை வளரத் தொடங்கும். மார்கழியில் நம் பகல் பதினொன்றரை மணிக்கும் சற்றுக் குறைவு. ஆறாம் வாரத்தில் பதின்மூன்று மணி நேர வெளிச்சம் கொடுத்து, வாரம் ஒரு மணி வீதம் கூட்டி, ஒன்பதாம் வாரத்தில் பதினாறு மணியாக்க வேண்டும். அப்பொழுது விடியற்காலை ஐந்து மணி முதல் சூரியன் உதிக்கும் வரையும், அந்தி முதல் இரவு ஒன்பது வரையும் விளக்கெரிந்தால் போதும். இந்நேரத்தை நாள்தோறும் மாற்றலாகாது. காடை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலுமே முட்டையிடுமாதலால் அப்போது கூண்டைச் சுத்தம் செய்யாமல், இரவில் விளக்கணைக்குமுன் முட்டைகளைச் சேகரிப்பது நலம். ஓடு மெலிந்தோ தோல்போன்றோ இருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவென்று கொண்டு கிளிஞ்சல் தூளைச் சேர்க்க வேண்டும்.

இனி வரவு செலவு. நாற்பத்தாறு பறவைகள் நாளொன்றுக்குத் தலைக்கு இருபத்தெட்டு கிராம் வீதம் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல் உண்ணும். நூற்றுக்கு எண்பது வீதம் முட்டையிட்டால் முப்பத்தேழு முட்டைகள் கிட்டும். அதாவது ஒரு முட்டைக்கு முப்பத்தைந்து கிராம் தீவனம். கிலோ நாற்பது ரூபாய் எனக் கொண்டால் ஒரு முட்டையின் தீவனச் செலவு ஒரு ரூபாய் நாற்பது காசு. முட்டை பாதியாகக் குறைந்தால் இச்செலவு இரண்டு ரூபாய் எண்பது காசாகிவிடும். ஆதலால் தினசரி முட்டை எண்ணிக்கையையும் தீவன எடையையும் ஒரு நோட்டில் பதிந்துவருவோர்க்கு நஷ்டம் மாத முடிவில் அல்லாமல் அந்த வாரத்திலேயே புலப்படும்.

ஏழாம் வாரத்தில் கிட்டும் முதல் முட்டைகள் சிறியவை, எண்ணிக்கையும் குறைவு. எட்டாம் வாரத்தில்தான் பாதிப் பறவைகளாவது முட்டையிடும். ஆகவே தவணையைக் குஞ்சு வாங்கிய மூன்றாம் மாதத்திலிருந்து தொடங்குமாறு சங்க நிர்வாகக் குழுவினர் நிர்ணயிப்பதே பொருத்தமாகும். ஆண் பறவை விற்ற பணத்தை அதுவரை தீவனத்துக்கென ஒதுக்கி வைத்தால் இடைக்காலத்தில் வேறு கடன் தேவைப்படாது.