அம்மாவைப் போல ஒருத்தி

எங்கள் தெருவில் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவன், ஒரு மாலை தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். இயற்பியல் கணக்கில் ஐயம் போலும் என்று நினைத்தேன். அவன் கேட்டதோ ஒரு கனவைப் பற்றி.

கனவில் அவன் பள்ளிவிட்டு வீடு திரும்புகிறான். அம்மா திண்ணையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். அதே நீலப் புடவை. வலக்கையில் எண்ணெய் தெறித்த அதே பழைய வடு. "வா தம்பி, கை கழுவிட்டுச் சாப்பிடு" என்ற அதே குரல். ஆனால் பார்த்த கணமே அவனுக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது: இவள் அம்மா அல்லள், அம்மாவின் உருவத்தில் வந்து அமர்ந்திருக்கும் வேறொருத்தி! சோற்றைத் தொட அஞ்சி, வாசலிலேயே நின்றிருக்கிறான். அப்படியே விழிப்பு வந்துவிட்டது. அப்போது மணி ஐந்து.

கனவு அத்துடன் முடிந்திருந்தால் அவன் என்னிடம் வந்திருக்க மாட்டான். காலையில் அம்மா காப்பித் தம்ளரை நீட்டியபோது, அவன் கண் தானாக அவள் கையில் வடு இருக்கிறதா என்று தேடிற்றாம். மூன்று நாட்களாக அவள் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை. மகனுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று தெரியாமல் அவளும் வருந்திக்கொண்டிருந்தாள்.

"சார், விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று பாட்டி சொல்கிறாள். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா? இல்லை, எனக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா?" என்று கேட்டான்.

இரண்டும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் ஏன் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள, ஒரு முகத்தை நாம் எப்படி அடையாளம் காண்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அடையாளம் காண இரண்டு வழிகள்

தெருமுனையில் உங்கள் அம்மா வருகிறாள். அவளைக் கண்டதும் உங்கள் மூளையில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. கண், மூக்கு, முகவெட்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, "இது இன்னாருடைய முகம்" என்று சொல்வது ஒன்று. காதுகளுக்குச் சற்று மேலே, மூளையின் பக்க மடலின் அடிப்பகுதியில் இதற்கென ஒரு பகுதி இருக்கிறது. "இவள் என்னைச் சேர்ந்தவள்" என்ற உணர்வை எழுப்புவது மற்றொன்று. இந்த வேலையில், வாதுமைக் கொட்டை வடிவில் அமைந்த அமிக்டலா என்ற சிறு பகுதிக்குப் பங்கு உண்டு. அச்சம், பாசம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதி அது.

இரண்டும் எப்போதும் சேர்ந்தே நடப்பதால், அவை இரண்டு வேலைகள் என்பதே நமக்குத் தெரிவதில்லை. இரண்டாவது வேலை நடக்கிறதா என்பதை வெளியிலிருந்து எப்படி அறிவது? இங்கே இயற்பியல் உதவுகிறது.

மனத்தில் சிறு கிளர்ச்சி ஏற்பட்டாலும் உள்ளங்கையின் வியர்வைச் சுரப்பிகள் சற்றுச் சுரக்கின்றன. வியர்வை உப்புநீர், மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு விரல்களில் மின்வாய்களைப் பொருத்தி, அவற்றிடையே 0.5 வோல்ட் அழுத்தம் கொடுப்பதாகக் கொள்வோம். தோலின் மின்தடை 2 இலட்சம் ஓம் என்றால், ஓமின் விதிப்படி 2.5 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் பாயும். இப்போது அம்மாவின் படத்தைக் காட்டினால், ஓரிரு விநாடிகளில் வியர்வை சற்றுக் கூடித் தடை குறையும். மின்னோட்டம் 2.75 மைக்ரோ ஆம்பியருக்கு ஏறுவதாகக் கொண்டால், அந்தக் கால் மைக்ரோ ஆம்பியர்தான் நெஞ்சில் எழுந்த உணர்வின் சுவடு. அறியாதவர் படத்தைக் காட்டினால் பொதுவாக இந்த ஏற்றம் மிகக் குறைவாகவே இருக்கும்.

தந்தையைப் போலி என்ற இளைஞர்

இந்த அளவீடு ஒரு விந்தையான நோயாளியிடம் பயன்பட்டது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் வி. எஸ். ராமச்சந்திரன். அவரும் வில்லியம் ஹிர்ஸ்டைனும் 1997-இல் ஓர் இளைஞரைப் பற்றி எழுதினார்கள். சாலை விபத்தில் தலையில் அடிபட்டு, மூன்று வாரம் நினைவின்றிக் கிடந்தவர் அவர். தேறி எழுந்தபின் நன்றாகப் பேசினார், படித்தார். ஆனால் தம் பெற்றோரைப் பார்த்து, "இவர்கள் என் பெற்றோரைப் போலவே இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் அல்லர்" என்றார்.

இந்தக் கோளாற்றைப் பாரிஸ் நகர மருத்துவர் ஜோசப் காப்கிரா, ரெபூல்-லாஷோ என்பவருடன் சேர்ந்து 1923-லேயே விவரித்திருந்தார். அவர் பெயரால்தான் அது இன்றும் வழங்குகிறது.

அந்த இளைஞருக்கு முகங்கள் நன்றாகவே அடையாளம் தெரிந்தன. ஆனால் பெற்றோர் படங்களைக் காட்டியபோது, அவருடைய தோலின் மின்கடத்தல் அறியாதவர் படங்களுக்குப் போலவே இருந்தது. எதிர்பார்த்த ஏற்றம் இல்லை. முகம் தெரிகிறது, உணர்வு எழவில்லை. 'அம்மாவாக இருந்தால் எனக்கு இப்படி வெறுமையாக இராதே; ஆகவே இவள் அம்மா அல்லள்' என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. அதே பெற்றோர் தொலைபேசியில் பேசினால் அவருக்கு எந்த ஐயமும் எழவில்லை. குரல் உணர்ச்சிப் பகுதியைச் சென்றடையும் பாதை வேறு. அது விபத்தில் கெடவில்லை என்று ராமச்சந்திரன் விளக்கினார்.

நீதிபதியும் வேண்டும்

உணர்வு எழாமை மட்டும் இந்தக் குழப்பத்துக்குப் போதுமா? போதாது. மூளையின் முன்மடலின் கீழ்ப்பகுதி பழுதுபட்ட சிலருக்கும், தெரிந்த முகங்களைக் கண்டால் தோலின் மின்கடத்தல் ஏறுவதில்லை. ஆனால் அவர்கள் யாரையும் போலி என்று சொல்வதில்லை. 'என்னவோ வேறுபாடாக இருக்கிறது; ஆனாலும் இவள் அம்மாதான்' என்று அவர்களால் சீர்தூக்கிப் பார்க்க முடிகிறது. ஆகவே இரண்டு பழுதுகள் ஒருங்கே நேர வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஒன்று, முகத்துக்கும் உணர்வுக்கும் பொருந்தாமை. மற்றொன்று, பொருந்தாத எண்ணத்தைத் தள்ளுபடி செய்யும் நீதிபதி தன் இருக்கையில் இல்லாமை.

இனி நம் மாணவனின் கனவுக்கு வருவோம்.

உறங்கும்போது மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் ஒரு நிலை உண்டு. 1953-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதை வெளியிட்டார்கள். கதை போல விரியும் கனவுகள் மிகுதியாக வருவது இந்த நிலையில்தான். 1996-இல் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் பியேர் மாக்கே குழுவினர், இந்த நிலையில் உறங்குவோரின் மூளையில் குருதியோட்டத்தை அளந்தார்கள். அமிக்டலா மும்முரமாக இயங்கிற்று. முன்மடலின் சில பகுதிகளோ அடங்கிக் கிடந்தன. எண்ணங்களைச் சரிபார்க்க நமக்கு உதவுபவை அப்பகுதிகளே.

கனவில் நடப்பதை இதைக்கொண்டு ஊகிக்கலாம். விழித்திருக்கும்போது முகம், குரல், உணர்வு மூன்றையும் எதிரே நிற்கும் ஒரே ஆள் எழுப்புகிறார். ஆகவே அவை பொருந்தி நிற்கின்றன. கனவில் எதிரே ஆள் இல்லை. நினைவிலிருந்து முகம் வருகிறது. அமிக்டலாவிலிருந்து ஏதோ ஓர் அச்சம் எழுகிறது. இரண்டையும் கட்டிவைக்கும் கயிறு தளர்ந்திருக்கிறது. அம்மாவின் முகத்தோடு அந்த அச்சம் ஒட்டிக்கொண்டால், 'இவள் அம்மா அல்லள்' என்ற கதை பிறக்கிறது. அதைத் தள்ளுபடி செய்ய வேண்டிய நீதிபதியோ உறங்குகிறார்!

இதே தளர்ச்சி எதிர்ப்புறமாகவும் வேலை செய்யும். கனவில் யாரோ ஒரு புதுமுகம் வரும். ஆனால் 'இவர் நம் கணக்கு வாத்தியார்' என்று ஐயமில்லாமல் தெரியும். இப்படிப்பட்ட கனவு உங்களில் பலருக்கு வந்திருக்கும்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லவேண்டும். அந்த இளைஞரிடம் உணர்வு எழவில்லை. கனவில் தவறான உணர்வு எழுகிறது. கனவு நடக்கும் அந்தக் கணத்தில் இந்தப் பொருந்தாமையை நேரடியாக அளப்பதும் எளிதன்று. ஆகவே மேலே சொன்னது, நோயாளிகளிடம் கண்டதையும் உறங்குவோரிடம் அளந்ததையும் ஒப்பிட்டுப் பெற்ற விளக்கம் என்றே கொள்ள வேண்டும்.

விடிந்தபின்னும் ஏன்?

விழித்தவுடன் நீதிபதி இருக்கைக்குத் திரும்பிவிடுகிறார். அதனால்தான் அந்த மாணவன் அம்மாவைப் போலி என்று நம்பவில்லை. ஆனால் அச்சத்தால் படபடத்த நெஞ்சு அடங்கச் சற்று நேரமாகும். அந்த அச்சம் அம்மாவின் முகத்தோடு சேர்ந்தே நினைவில் பதிந்துவிட்டது. காலையில் அதே முகத்தைக் கண்டதும் அதுவும் கூடவே எழுந்தது. வடுவைத் தேடிய கண், அம்மாவைப் பற்றிய செய்தி எதையும் சொல்லவில்லை. கனவின் மிச்சத்தையே சொன்னது. அவன் அவளை நேரே பார்க்காமல் ஒதுங்கியதால், அந்த மிச்சம் கரைய வாய்ப்பில்லாமல் போயிற்று.

பாட்டி சொன்ன விடியற்காலைக் கனவுக்கும் காரணம் உண்டு. விழியசையும் உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒரு முறை வருகிறது. முன்னிரவில் அது சில நிமிடங்களே நீடிக்கும்; விடியல் நெருங்க நெருங்க நீளும். அதன் நடுவே விழித்துக்கொண்டால்தான் கனவு தெளிவாக நினைவிருக்கும். ஆகவே நமக்கு நினைவிருப்பவற்றில் மிகுதி விடியற்காலைக் கனவுகளே. பிற்பாடு ஏதேனும் நடந்தால் அவற்றோடுதான் நாம் முடிச்சுப் போடுவோம்.

ஒன்றை மட்டும் வேறாகக் கருத வேண்டும். ஒருவர் நன்றாக விழித்திருக்கும்போதே, தம் மனைவியையோ மகனையோ போலி என்று வற்புறுத்தினால் அது கனவின் மிச்சமன்று. தலையில் அடிபட்டவர்கள், முதுமையில் நினைவு தேய்ந்தவர்கள், மனநோயுற்றவர்கள் சிலருக்கு இது நேரும். அவர்களோடு வாதாடிப் பயனில்லை. அந்த இளைஞரின் தந்தை ஒருநாள், "போலியை அனுப்பிவிட்டேன், நான்தான் உன் உண்மையான அப்பா" என்று சொல்லிப் பார்த்தார். அது பலித்தது ஏறக்குறைய ஒரு வாரம்தான்! இத்தகையவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே வழி.

எங்கள் தெரு மாணவனுக்கு மருத்துவர் தேவைப்படவில்லை. கனவை அம்மாவிடமே சொல்லிவிடு என்றேன். மறுநாள் வந்தான். அம்மா சிரித்துவிட்டு, வடுவுள்ள கையை அவன் முன் நீட்டி, "நல்லாப் பாத்துக்கடா" என்றாளாம். பிறகு அந்தக் கையாலேயே சோறு பிசைந்து கொடுத்தாளாம்.

"சாப்பிட்டாயா?" என்று கேட்டேன்.

"இரண்டு உருண்டை கூடவே சாப்பிட்டேன் சார்" என்றான்.