வாடிக்கையாளரே தூதர்: ஒரு செக்கு எண்ணெய்க் கடையின் கணக்கு

கடையில் தொடர்ந்து பொருள் வாங்கும் ஒருவர் அதைப் பற்றித் தெரிந்தவர்களிடம் சொல்வது இயல்பாக நடப்பது. அந்தச் சொல்லுக்கு ஒரு சிறு பரிசையும், யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற விதியையும் சேர்த்தால் அது பிராண்ட் அம்பாசடர் திட்டம், அதாவது வாடிக்கையாளர் தூதர் திட்டம் ஆகிறது. இதற்கு நடிகர் வேண்டாம். பில் புத்தகம் போதும்.

இப்படி வருபவர்கள் நிலைப்பார்களா என்பதை ஜெர்மனியில் ஒரு வங்கியின் சுமார் 10,000 வாடிக்கையாளர்களை வைத்து ஆய்வாளர்கள் பார்த்தார்கள். வங்கி, ஆள் அழைத்து வந்தவருக்கு 25 யூரோ கொடுத்தது. 2011-ல் வெளியான அந்த ஆய்வின்படி, பரிந்துரையால் வந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்தது 16 சதவீதம் கூடுதல் மதிப்புள்ளவர்களாக இருந்தார்கள், விலகுவதும் குறைவு. ஒருவர் தன் நண்பருக்கு எது ஒத்துவரும் என்று யோசித்துத்தான் சொல்கிறார் என்பது இதற்கு ஒரு விளக்கம். பரிசு பெரிதாகி, யாரைப் பார்த்தாலும் சீட்டை நீட்டும் நிலை வந்தால் அந்த யோசனை போய்விடும்.

கணக்கு புரிவதற்கு, ஒரு சிற்றூரில் மரச்செக்கு எண்ணெய்க் கடை இருப்பதாகக் கொள்ளலாம். 600 குடும்பங்கள் எப்போதாவது வாங்குகின்றன. ஒரு குடும்பம் மாதம் சராசரியாக 900 ரூபாய்க்கு வாங்கினால், வித்தும் ஆட்டுக்கூலியும் போகக் கடைக்கு 180 ரூபாய் மிஞ்சுகிறது.

தூதர்களைத் தேர்வதற்கு ‘சேர விருப்பமா?’ என்று பலகை மாட்டுவது சரியான வழி அல்ல. பரிசை மட்டும் பார்ப்பவர்கள்தான் முதலில் வருவார்கள். பில் புத்தகத்தைப் புரட்டி, கடந்த 12 மாதங்களில் குறைந்தது 8 மாதங்கள் வாங்கியவர்களை முதலில் பிரிக்க வேண்டும். கூடவே, ஒரு மாத காலம் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் ‘யார் சொல்லி வந்தீங்க?’ என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். இரண்டு பட்டியலிலும் இருக்கும் பெயர்கள்தான் தூதர்கள். பரிசு எதுவும் இல்லாதபோதே ஆள் அனுப்பியவர்கள் அவர்கள். 600-ல் இப்படி இருபது பேர் தேறினால் அதுவே அதிகம். தொடக்கத்துக்குப் பதினைந்து பேர் போதும்.

பரிசு ரொக்கமாக இருப்பதைவிடக் கடைப் பொருளாக இருப்பது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் தன்னை வைத்து 200 ரூபாய் சம்பாதித்தார் என்று தெரிந்தால் புதியவருக்கு மனம் கசக்கும். அரை லிட்டர் நல்லெண்ணெய் என்றால் அந்த உறுத்தல் இல்லை. விற்பனை விலையில் அதன் மதிப்பு கூடுதல், கடைக்கு ஆகும் அடக்க விலையோ குறைவு. புதியவருக்கும் ஏதாவது கிடைத்தால் சொல்பவருக்குக் கூச்சம் விலகும். டிராப்பாக்ஸ் நிறுவனம் ஆள் அழைத்தவர், வந்தவர் இருவருக்குமே 500 மெகாபைட் இடம் கொடுத்ததும், ஒருவர் இப்படிச் சேர்க்கக்கூடிய இடத்துக்கு உச்சவரம்பு வைத்ததும் இதே வழிதான்.

எப்போது கொடுப்பது என்பதில்தான் திட்டம் பிழைப்பதும் நொடிப்பதும் இருக்கிறது. புதியவருக்கு முதல் பில்லிலேயே கால் லிட்டர் நல்லெண்ணெய்; அடக்கம் 90 ரூபாய். தூதருக்கு அரை லிட்டர், அடக்கம் 180 ரூபாய். ஆனால் புதியவர் இரண்டாவது முறை வாங்கிய பிறகுதான். பத்துப் பேர் வந்தால் புதியவர்களுக்கான செலவு 900 ரூபாய். அவர்களில் ஆறு பேர் மறுபடி வந்தால் தூதர்களுக்கு 1,080 ரூபாய். மொத்தம் 1,980. வரவைப் பார்த்தால், ஒரே முறையோடு நின்ற நால்வரால் 720 ரூபாய், இரண்டு முறையோடு நின்ற இருவரால் 720 ரூபாய், ஆறு மாதம் தொடர்ந்த நால்வரால் 4,320 ரூபாய், ஆக 5,760. செலவு போக 3,780 ரூபாய் நிற்கும். இதில் எத்தனை பேர் எப்படியும் வந்திருப்பார்கள் என்பது கணக்கில் வராது. ஆகவே நிஜ லாபம் இதைவிடக் கொஞ்சம் குறைவு என்றே கொள்ள வேண்டும்.

தூதர் பரிசையும் முதல் பில்லிலேயே கொடுத்தால் கூடுவது 720 ரூபாய்தான். ஆபத்து அந்தப் பணத்தில் இல்லை. ஒரே வீட்டில் கணவர் பெயரில் ஒன்று, மாமியார் பெயரில் ஒன்று என்று ‘புதியவர்கள்’ முளைப்பார்கள். இரண்டாம் பில் என்ற நிபந்தனையும், ஒரு முகவரிக்கு ஒரு முறைதான் என்ற விதியும் சேர்ந்தால் இந்தத் தந்திரம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

விதிகள் ஒரு தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு தூதருக்கும் அவர் எண் இட்ட பத்துச் சீட்டுகள், மூன்று மாதத்துக்கு அவ்வளவுதான். புதியவர் முதல் பில் போடும்போதே சீட்டைக் கொடுக்க வேண்டும். ‘அந்த அக்கா சொல்லித்தான் வந்தேன்’ என்று ஒரு வாரம் கழித்துச் சொன்னால் கணக்கில் சேராது. இதில் ஒரு முறை தளர்ந்தால் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு தூதர்கள் உரிமை கொண்டாடும் சண்டையைக் கடைக்காரர்தான் தீர்த்து வைக்க வேண்டியிருக்கும்.

தூதர் அழைத்து வந்தவர் இன்னொருவரை அழைத்தால் முதல் தூதருக்கும் பங்கு உண்டா? கூடாது. அடுக்கடுக்காக ஆள் சேர்த்துப் பலன் பெறும் அமைப்பு, பணச்சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் 1978-ம் ஆண்டுச் சட்டத்தையும், பிரமிடு திட்டங்களைத் தடுக்கும் 2021-ம் ஆண்டு நேரடி விற்பனை விதிகளையும் நெருங்கிவிடும். ஒரே படி, பொருள் வாங்கினால் மட்டுமே பரிசு, சேருவதற்குக் கட்டணம் கிடையாது என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

தூதர் என்ன சொல்லலாம் என்பதும் தாளில் வர வேண்டும். ருசி, மணம், தான் வாங்கும் அளவு பற்றிச் சொல்லலாம். கொழுப்பு குறையும், மூட்டு வலி போகும் என்று சொல்லக் கூடாது. பரிசு பெற்றுக்கொண்டு சமூக ஊடகத்தில் எழுதினால், பரிசு உண்டு என்பதையும் எழுத வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் பற்றி 2022-ல் வந்த மத்திய வழிகாட்டுதல்கள், விளம்பரம் செய்பவருக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தச் சொல்கின்றன. அத்தகைய விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. கூகுள் மேப்ஸில் பரிசுக்காக மதிப்புரை எழுத வைப்பது அந்நிறுவனத்தின் விதிக்கே எதிரானது, மதிப்புரை நீக்கப்படலாம்.

கணக்குக்கு ஒரு நோட்டு போதும்: தூதர் எண், புதியவர் பெயரும் முகவரியும், முதல் பில் தேதி, இரண்டாம் பில் தேதி, பரிசு கொடுத்த தேதி. மூன்று மாதம் கழித்து இதைப் படித்தால் கோளாறு எங்கே என்று தெரியும். பதினைந்து பேரில் நான்கைந்து பேர் மட்டுமே ஆள் அனுப்பியிருந்தால் கவலைப்பட வேண்டாம், அது வழக்கம்தான். ஒரே தூதரின் ஆட்களில் பெரும்பாலோர் இரண்டாம் பில்லோடு நின்றிருந்தால், அவர் ஆட்களைப் பரிசுக்காகவே பிடிக்கிறார் என்று பொருள். எல்லோருடைய ஆட்களும் முதல் பில்லோடு நின்றிருந்தால் குறை தூதர்களிடம் இல்லை. எண்ணெயிலோ விலையிலோ கல்லாவில் பேசும் விதத்திலோ தேட வேண்டும். இரண்டாம் பில் தேதி இருந்தும் பரிசுத் தேதி காலியாக இருக்கும் வரிகள்தான் மிக மோசம். அந்தத் தூதர் வந்து கேட்கமாட்டார், மற்றவர்களிடம் சொல்வார்.

வித்து விலை ஏறித் திட்டத்தை நிறுத்த நேர்ந்தால் 30 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். அதற்குள் வரும் சீட்டுகளை ஏற்று, அவற்றில் யாராவது இரண்டாம் பில் போட்டால், தேதி தாண்டியிருந்தாலும் தூதருக்கு உரிய அரை லிட்டரைக் கொடுக்க வேண்டும்.