பல போன்களில் எடுத்த வ்லாக்: குரலை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது

ஒரே வ்லாக்கில் மூன்று கருவிகளின் ஒலி கலந்தால், ஒரு கிளிப்பில் குரல் காதை அடைக்கும். அடுத்ததில் என்ன பேசுகிறார்கள் என்றே கேட்காது. இதற்கு முதல் காரணம் தூரம். கையை நீட்டிப் பிடித்த போனுக்கும் சட்டைக் காலரில் மாட்டிய மைக்குக்கும் வாயிலிருந்து உள்ள தொலைவு வேறு. இன்னொன்று, பெரும்பாலான போன்கள் ஒலியளவைத் தாமாகவே ஏற்றி இறக்கிக்கொள்கின்றன. தனி ரெக்கார்டரிலோ சத்தம் உடைந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே தாழ்வாகப் பதிவார்கள்.

இந்த ஏற்றத்தாழ்வை மிக்ஸிங்குக்கு முன்பே சரிசெய்ய வேண்டும். கம்ப்ரஸர் குறிப்பிட்ட அளவைத் தாண்டும் ஒலியை மட்டுமே அமுக்கும். உரத்த கிளிப் முழுக்க அமுங்கி, தாழ்ந்த கிளிப் தொடப்படாமலே போனால் இரண்டின் குரலும் வேறு வேறு ஆட்களுடையது போலாகிவிடும்.

பலரும் எடிட்டிங் செயலியில் உச்ச அளவை வைத்து நார்மலைஸ் செய்கிறார்கள். அது பயன் தராது. கிளிப்பின் நடுவே ஒருவர் கை தட்டியிருந்தால் அந்த ஒரு கணம்தான் உச்சம். பேச்சு முழுக்க அதற்கு வெகு கீழே கிடக்கும். காது உணரும் உரப்பைத்தான் அளக்க வேண்டும். அதற்கான முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-ல் வகுத்தது. லஃப்ஸ் என்பது அதன் அலகு. எண் பொதுவாக மைனஸில் வரும்; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடுதல். ஒரு லஃப்ஸ் வித்தியாசம் ஒரு டெசிபெல்லுக்குச் சமம் என்பதால் கணக்கு எளிது. பல எடிட்டிங் செயலிகளில் இந்த அளவி உண்டு. இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் கட்டளை ஒன்றைப் பயன்படுத்தலாம். முடிவில் `I:` என்ற வரியில் வரும் எண்தான் தேவை.

```
ffmpeg -i clip.mp4 -af ebur128 -f null -
```

கோயம்பேடு பூச்சந்தையில் எடுத்த ஒரு வ்லாக் என்று வைத்துக்கொள்வோம். முதல் போனின் கிளிப் -26, இரண்டாவது போன் -15, காலர் மைக்கோடு இணைந்த ரெக்கார்டர் -37 லஃப்ஸ் காட்டுகின்றன. ரெக்கார்டரின் ஒலி இடது பக்கத்தில் மட்டும் பதிந்திருக்கிறது. அதை இரு பக்கமும் நகலெடுத்தாலே எண் 3 கூடி -34 ஆகும். இந்த வேலையை முடித்த பிறகே கடைசியாக அளக்க வேண்டும்; இல்லாவிட்டால் கணக்கு முழுவதும் 3 டெசிபெல் பிசகும்.

குரலுக்குப் பொது இலக்காக -20 வைத்தால், மிக்ஸிங்குக்குத் தாராளமான இடம் மிஞ்சும். முதல் போனுக்கு 6 டெசிபெல் கூட்டல், இரண்டாவதற்கு 5 கழித்தல், ரெக்கார்டருக்கு 14 கூட்டல். இங்கேதான் ஒரு சிக்கல். ரெக்கார்டர் கிளிப்பில் பூக்காரர் ஒருவர் வாய்விட்டுச் சிரிக்கும் இடத்தில் உச்சம் -12 டெசிபெல். 14 கூட்டினால் அது பூஜ்யத்தைத் தாண்டி 2-க்குப் போய், ஏற்றுமதியில் உடையும். ஒரு சிரிப்புக்காக மொத்தப் பேச்சையும் தாழ்த்த வேண்டியதில்லை. அந்த இடத்தை மட்டும் வெட்டித் தனிக் கிளிப்பாக்கி, அதற்கு 14-க்குப் பதில் 8 கூட்டினால் உச்சம் -4-ல் நிற்கும். கேட்பவருக்கு வெட்டு தெரியாது.

அளவியை முழுக்க நம்பவும் முடியாது. அது நெடிய அமைதியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் பேச்சைவிடச் சற்றே தாழ்ந்த வண்டி இரைச்சலையும் விற்பனைக் கூவலையும் பேச்சோடு சேர்த்துவிடும். ஒரு நிமிடக் கிளிப்பில் பத்து விநாடிதான் பேச்சு என்றால், அந்தப் பத்து விநாடியை மட்டும் தேர்ந்து அளப்பதே முறை. பேச்சே இல்லாத சந்தைக் காட்சிகளை -20-க்கு ஏற்றுவது தவறு. அவை குரலுக்குக் கீழே இருக்க வேண்டியவை.

ஒலியைக் கூட்டும்போது பின்னணி இரைச்சலும் அதே அளவு கூடும். தானாக ஏற்றி இறக்கும் போனில் இது இன்னும் மோசம்: ஆள் பேச்சை நிறுத்தியதும் சந்தை இரைச்சல் மெல்ல எழும்பும், மீண்டும் பேசியதும் அடங்கும். இந்த அலைபாய்தல் பதிவிலேயே கலந்துவிட்டது. கெயினை மாற்றி அதை நீக்க முடியாது. சந்தையில் தனியாகப் பதிந்த ஒரு நிமிடப் பின்னணி ஒலியை எல்லாக் கிளிப்புகளுக்கும் அடியில் ஓடவிட்டால் ஓரளவு மறையும். பதிவின்போதே உடைந்த குரலை எவ்வளவு குறைத்தாலும் அது உடைந்த குரல்தான்.

எண்கள் பொருந்திய பின், படத்தைப் பார்க்காமல் கிளிப் மாறும் இடங்களை மட்டும் ஹெட்போனில் தாழ்ந்த சத்தத்தில் கேட்க வேண்டும். மெல்லிய குரலும் கனத்த குரலும் ஒரே எண்ணில் ஒரே உரப்பாகத் தோன்றுவதில்லை. ஓரிரு டெசிபெல்லைக் காதை நம்பி மாற்றலாம். உரத்த வீடியோவை யூடியூப் ஏறக்குறைய -14 லஃப்ஸுக்குக் குறைத்து ஒலிபரப்பும்போது, முழு வீடியோவையும் ஒரே அளவாகத்தான் குறைக்கிறது. அதனால் கிளிப்புகளுக்கு இடையிலான வித்தியாசத்தை எடிட் செய்பவர்தான் முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும்.