உங்கள் கடைப் பெயருக்கு நீங்களே ஏன் காசு கட்டுகிறீர்கள்?

சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஒருவர் உங்கள் கடைப் பெயரைச் சொல்லி வழி கேட்கிறார். அங்கே நின்ற ஆட்டோக்காரர் அவரை ஏற்றிவந்து வாசலில் இறக்கிவிட்டு, "ஆள் கொண்டாந்திருக்கேன், கமிஷன் குடுங்க" என்கிறார். கொடுக்க உங்களுக்கு மனம் வருமா? உங்கள் கடைக்கென்றே கிளம்பி வந்தவர் அவர்.

கூகுளில் இதே கமிஷனைப் பல சிறு வியாபாரிகள் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர் கடைப் பெயரையே தட்டித் தேடுகிறார். முதலில் அந்தக் கடையின் விளம்பரம் வருகிறது, அதற்கு நேர் கீழே அதே கடையின் இணையதளம் இலவசமாக நிற்கிறது. கைக்கு முதலில் பட்டதை அவர் தொடுகிறார், அந்தத் தொடுகைக்கு உங்களுக்குப் பில் வருகிறது. மாதக் கடைசியில் ஏஜென்சி தரும் அறிக்கை அந்த விற்பனையை விளம்பரத்தின் கணக்கில் எழுதிவிடுகிறது. அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. விளம்பரத்தைத் தொட்டவர்தான் வாங்கினார். விளம்பரம் இல்லாவிட்டால் அவர் என்ன செய்திருப்பார் என்பது மட்டும் அதில் இருக்காது.

அதை இபே நிறுவனம் சோதித்துப் பார்த்தது. 2012 மார்ச்சில் அமெரிக்காவில் யாஹூ, மைக்ரோசாஃப்ட் தேடல்களில் தன் பெயருக்கான விளம்பரத்தை நிறுத்தியது. கூகுளில் மட்டும் தொடர்ந்தது. பொருளியலாளர்கள் பிளேக், நோஸ்கோ, டடேலிஸ் மூவரும் கணக்கிட்டபோது, விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த வருகையில் 99.5 சதவீதம் இலவச இணைப்பு வழியாகவே வந்து சேர்ந்திருந்தது.

ஆனால் இபே உலகறிந்த பெயர். நம் ஊர்க் கடைக்கும் அதே விடை வருமா என்பதை நம் கணக்கில்தான் பார்க்க வேண்டும். கணக்குக்காக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். பாரம்பரிய அரிசி வகைகளை இணையத்தில் விற்று சென்னைக்கும் கோவைக்கும் அனுப்பும் கடை. பெயருக்கான விளம்பரத்துக்கு மாதம் ரூ.12,000 செலவு. ஒரு தொடுகைக்கு ரூ.5 வீதம் 2,400 வருகைகள், அவற்றிலிருந்து 120 ஆர்டர்கள். ஆர்டர் ஒன்றுக்குச் சராசரி ரூ.1,100. செலவைப் போல 11 மடங்கு விற்பனை என்று அறிக்கை சொல்கிறது. யாருக்கும் நிறுத்த மனம் வராது.

சோதனைக்கு எட்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டு வாரமாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் எந்த வாரம் விளம்பரம் நிற்க வேண்டும் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். "வியாபாரம் மந்தமான வாரத்தில் நிறுத்தலாம்" என்று நாமே தேர்ந்தெடுத்தால் விடை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். பொங்கலும் தீபாவளியும் உள்ளே வரக் கூடாது. நடுவில் விலைக்குறைப்பும் வேண்டாம். விளம்பரம் ஓடும் வாரங்களில் இரண்டு வழி வருகையையும் கூட்டுங்கள். கூகுள் கணக்கில் கடைப் பெயருக்கு வந்த கட்டண வருகை ஒன்று. சர்ச் கன்சோலில் அதே பெயருக்கு வந்த இலவச வருகை மற்றது. நிற்கும் வாரங்களில் இலவச வருகை மட்டுமே இருக்கும்.

ஓடிய நான்கு வாரங்களில் கட்டணம் 2,400, இலவசம் 1,800, ஆக மொத்தம் 4,200 என்று வைத்துக்கொள்வோம். நின்ற நான்கு வாரங்களில் இலவச வருகை 4,100. உண்மையில் கைநழுவியது 100 வருகைதான். 2,400க்கு 120 ஆர்டர் என்ற விகிதப்படி அது 5 ஆர்டர். ஓர் ஆர்டரில் கையில் நிற்கும் லாபம் ரூ.220 என்றால் ரூ.1,100. இந்த ரூ.1,100க்காக ரூ.12,000 போயிருக்கிறது. அறிக்கையில் ரூ.5 என்றிருந்த தொடுகை, கூடுதலாக வந்த வருகைக்கு மட்டும் வகுத்தால் ரூ.120 ஆகிறது.

வாரத்துக்கு வாரம் வருகை தானாகவே ஏறி இறங்கும். அதனால் 100 என்பதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். இழப்பு 300 வரை இருந்திருக்கலாம் என்றே வையுங்கள். அப்போதும் 15 ஆர்டர், ரூ.3,300 லாபம். ரூ.12,000 செலவு இன்னும் நட்டம்தான். ஆர்டர் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சோதிக்கும் சிறுகடை இந்த முடிவுக்கு எளிதில் வர முடியாது. மாதம் சில நூறு ஆர்டர்களில் ஐந்தோ பத்தோ கூடுவதும் குறைவதும் சாதாரணம். வருகைகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால்தான் எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரிகிறது. ஆனாலும் ஆர்டர் புத்தகத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். போனிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த ஆர்டர்களை அதில் சேர்க்க மறக்க வேண்டாம்.

சோதனை கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கணக்கில் 'Performance Max' விளம்பரமும் ஓடினால், நீங்கள் நிறுத்திய கடைப் பெயரை அது சத்தமில்லாமல் பிடித்துக்கொள்ளும். அதிலும் பெயரை விலக்கிவைக்காவிட்டால் நிறுத்தியதாக ஆகாது.

போட்டியாளர் உள்ளே வந்துவிட்டால் கதை மாறும். பிங் தேடலில் நடந்த சோதனைகளை வைத்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியது. போட்டியாளர் விளம்பரம் இல்லாத இடத்தில் சொந்தப் பெயர் விளம்பரத்தால் கூடிய வருகை மிகச் சொற்பம். போட்டியாளர்கள் விளம்பரம் போட்டிருக்க, பெயருக்குரியவர் போடாதபோது, வருகையில் கணிசமான பங்கு அவர்களிடம் போனது. அதனால் சோதனைக்கு முன்னும் பின்னும் 'Auction insights' பக்கத்தில் உங்கள் பெயரை வேறு யார் ஏலம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். புதிய பெயர் தென்பட்டால் பழைய விடை செல்லாது, மறுபடி சோதிக்க வேண்டும்.

"என் பெயரை அடுத்தவன் ஏலம் கேட்கலாமா?" என்ற கேள்வி சென்னையிலேயே வழக்காகியிருக்கிறது. பாரத் மேட்ரிமோனியை நடத்தும் நிறுவனம் (அப்போது கன்சிம் இன்ஃபோ) கூகுள் மீதும் போட்டித் தளங்கள் மீதும் தொடுத்த வழக்கில், 2010இல் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்தார். 'பாரத்', 'மேட்ரிமோனி' போன்ற பொதுச்சொற்களால் ஆன பெயர் என்பது அதில் பெரிதாக நின்றது. பிறகு 2023 ஆகஸ்ட்டில் அகர்வால் பேக்கர்ஸ் பெயர் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், பதிவுபெற்ற வணிகக்குறியைத் தேடுசொல்லாக வைப்பது மட்டுமே மீறல் ஆகாது, வாடிக்கையாளர் குழம்பினால்தான் மீறல் என்றது. மேக்மைட்ரிப் வழக்கிலும் அதே ஆண்டு இதே நிலைதான்.

சிறு வியாபாரிக்கு இதன் பொருள் இதுதான். போட்டியாளர் ஏலம் கேட்பதைத் தடுப்பது கடினம். ஆனால் அவர் விளம்பர வாசகத்தில் உங்கள் பெயரைப் போட்டு ஆளைக் குழப்பினால் கூகுளின் வணிகக்குறிப் புகார்ப் படிவத்தில் முறையிடலாம். விளம்பரம் கொடுத்தவர் யார் என்பதை adstransparency.google.com பக்கத்தில் பார்த்து, திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் பதிவாகியிருந்தால் கை ஓங்கும். கிண்டியிலுள்ள வணிகக்குறிப் பதிவகத்துக்கு இணையவழியில் விண்ணப்பிக்கத் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு ரூ.4,500. 'சிதம்பரம் அரிசி' போல ஊர்ப்பெயரும் பொருள்பெயரும் மட்டுமாய் அமைந்த பெயருக்குப் பதிவு கிடைப்பதே பாடு. அப்படிப்பட்ட பெயரைத் தேடினால் இலவச இணைப்பும் முதலில் வராது. அந்தக் கடைக்கு விளம்பரம் உண்மையிலேயே வேலை செய்யக்கூடும்.

கடைப் பெயரில் ஊர்ப்பெயர் இருந்தால் அதன் எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். Sethiyathope, Sethiathope, Sethiyathoppu என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டுகிறார்கள். சரியான எழுத்துக்கு முதலில் நிற்கும் தளம் பிழையான எழுத்துக்குக் கீழே போயிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் வருகையைத் தனியாகப் பாருங்கள். ஒன்றுக்கு விளம்பரத்தை நிறுத்தி மற்றொன்றுக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இத்தனையும் செய்யக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். விளம்பரக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், நிர்வாகி உரிமையோடு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஏஜென்சியின் கூலி விளம்பரச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசியிருந்தால், "பெயர் விளம்பரத்தை நிறுத்திப் பார்க்கலாம்" என்று அவர்கள் வாயால் கேட்பது அரிது. கூலியை நிலையான தொகையாக மாற்றிப் பேசிவிட்டு, பிறகு காசைச் சுண்டுங்கள்.